அப்பா அம்மாவைக் காசிக்கு அனுப்புவதா, அழைத்துப் போவதா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 69. காசிக்குப் போக ஆசைப்படுகிறார்கள். டூர்க்காரர்களோடு அனுப்பலாமா, நாங்களே அழைத்துப் போகலாமா?

வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான்கு விஷயங்களைப் பாருங்கள். உட்காராமல் அரை மணி நேரம் நடக்க முடிகிறதா? சிறுநீர் கழிக்காமல் இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார முடிகிறதா? இந்தியக் கழிவறையில் குந்தி உட்கார்ந்து எழ முடிகிறதா? விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து குளித்துக் கிளம்பினால் அன்று முழுவதும் தெம்பாக இருக்கிறார்களா? நான்குக்கும் ஆம் என்றால் டூர் நல்ல வழி. அதிலும் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போவதாக இருந்தால், பிள்ளைகளோடு போவதைவிட அவர்களுக்கு அதுதான் சந்தோஷமாக இருக்கும். வயது ஒத்தவர்களின் பேச்சும் பாட்டும் நம்மால் கொடுக்க முடியாதவை.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் நாமே திட்டமிடுவதுதான் சரி. ஐம்பது பேர் போகிற வண்டியை ஒருவருக்காக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த மாட்டார்கள். அது அவர்களுடைய குற்றமும் இல்லை.

வீட்டில் கேட்டால் எல்லாப் பெற்றோரும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அதனால் சொல்லாமல் ஒரு ஒத்திகை பாருங்கள். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு அழைத்துப் போய்ப் படியேற வைத்துப் பாருங்கள். தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் கூட்டத்தில் வரிசையில் நிற்க வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் கால் வீங்கியிருக்கிறதா, எழுந்திருக்கச் சிரமப்படுகிறார்களா என்று கவனியுங்கள். காசியில் அப்படிப்பட்ட நாட்கள் தொடர்ந்து நான்கைந்து வரும்.

டூர்க்காரர் கொடுத்த நோட்டீஸில் 10 நாள், 14 தலம் என்று போட்டிருக்கிறது. நல்ல பேக்கேஜ்தானே?

தலங்களை எண்ணாமல் தூரத்தை எண்ணிப் பாருங்கள். காசியிலிருந்து பிரயாக்ராஜ் சுமார் 125 கிலோமீட்டர். அங்கிருந்து அயோத்தி 170 வாக்கில். அயோத்தியிலிருந்து காசி திரும்ப 200க்கு மேல். காசியிலிருந்து கயா ஏறக்குறைய 250, திரும்பி வர அதே அளவு. இவ்வளவையும் நான்கு நாளில் முடிப்பதாக நோட்டீஸ் சொன்னால், கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் பேருந்தில் உட்கார வேண்டும் என்று அர்த்தம். போகவர ரயிலில் இரண்டிரண்டு இரவு கழிவது தனிக் கணக்கு.

அதில் ஒரு நாளை மட்டும் பிரித்துப் பார்ப்போம். விடியற்காலை நான்கு மணிக்குக் காசியில் கிளம்பினால் எட்டு மணி வாக்கில் பிரயாக்ராஜ். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஆற்று மணலில் நடை, பிறகு படகு, திரிவேணி சங்கமக் குளியல், தம்பதியர் செய்யும் வேணி தானம், திரும்ப நடை. மதியம் ஒரு மணி. சாப்பிட்டுக் கிளம்பினால் அயோத்தி போய்ச் சேர இரவு ஏழு எட்டு ஆகும். அறை பிரித்துக் கொடுத்து, சமையல் முடிந்து, படுக்கும்போது பதினொன்று. மறுநாள் மறுபடியும் நான்கு மணி. எழுபது வயதுக்காரருக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கும்.

அதனால் டூர்க்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்புவோம், எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவோம்? பல வருடமாக வயதானவர்களை அழைத்துப் போகிறவர் வாயாலேயே சொல்லிவிடுவார். மதியம் இரண்டு மணி நேரம் ஓய்வு விடுகிறவரும், காசியில் மூன்று இரவாவது தொடர்ந்து ஒரே அறையில் தங்க வைக்கிறவரும் நல்ல டூர்க்காரர்கள். "எல்லாம் பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், நேரத் திட்டம் என்று ஒன்று அவரிடம் இல்லை.

ரயிலில் பெரியவர்களுக்கு லோயர் பெர்த் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வழக்கமான ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை. எட்டு படுக்கை கொண்ட ஒரு தடுப்பில் கீழ்ப் படுக்கை இரண்டு, பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்று. ஆக ஒரு பெட்டிக்கு 27தான். 45 பேர் கொண்ட குழுவில் முப்பது பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால், கணக்குப்படி 17 பேருக்குத்தான் கீழே இடம் வரும். மீதிப் பேர் நடுவிலோ மேலேயோ ஏற வேண்டும். டூர்க்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. குழுவில் இளவயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உங்கள் அம்மாவின் வாய்ப்பு தெரியும்.

நாமே டிக்கெட் எடுத்தால் மூத்தோருக்கான தனி ஒதுக்கீட்டைப் பயன்படுத்தலாம். ஐஆர்சிடிசி தளத்தில் கோட்டா என்ற இடத்தில் LOWER BERTH/SR.CITIZEN என்று இருக்கும். ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது நிறைந்திருக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இங்கேதான்: அப்பா, அம்மா இரண்டு பேரை மட்டும் ஒரு டிக்கெட்டில் போட வேண்டும். நாற்பது வயது மகனையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. மகனுக்குத் தனி டிக்கெட் எடுத்து, முடிந்தவரை அதே பெட்டியில் வாங்குங்கள். முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாள். பழைய நினைப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

கட்டணச் சலுகை கிடையாது. மூத்தோருக்கு இருந்த கட்டணக் குறைப்பை 2020 மார்ச்சில் நிறுத்திய ரயில்வே அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. "சீனியர் சலுகையில் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

முன்பணம் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

முதலில் ரசீது. பேக்கேஜ் டூருக்கு ஜிஎஸ்டி உண்டு. பதிவு எண் போட்ட ரசீது கொடுக்கிறவரிடம், பிரச்சினை வந்தால் பேச ஒரு பிடி இருக்கும். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்வதற்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். நம் பக்கத்தில் பல யாத்திரைகள் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிப் பணம் வாங்குவதோடு சரி. பல வருடமாக நாணயமாக நடத்துகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு, என்ன தொகை எதற்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிக்கெட் எடுத்ததும் பத்து இலக்க பிஎன்ஆர் எண். 139க்கு PNR என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்பினால் இருக்கை உறுதியா, காத்திருப்பா என்று தெரிந்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டையும் பாருங்கள். போகும்போது எல்லாம் சரியாக இருந்து, வரும்போது காத்திருப்புப் பட்டியலில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் ஒரு படுக்கையில் வருவது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது, தங்கும் இடத்தின் பெயர். சத்திரமா, லாட்ஜா, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, எத்தனை பேருக்கு ஒரு குளியலறை, வெஸ்டர்ன் கழிவறை உண்டா. பெயர் தெரிந்தால் அந்த இடத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேட்கலாம். பதினைந்து பேருக்கு ஒரு குளியலறை என்றால், விடியற்காலை நான்கு மணிப் பயணத்துக்கு உங்கள் அம்மா இரண்டரைக்கு எழுந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பிறகு, தொகைக்குள் எது வராது என்பது. பெரும்பாலும் படகு, ஆட்டோ, இ-ரிக்‌ஷா, சிரார்த்தத் தட்சிணை, சிறப்புத் தரிசனச் சீட்டு ஆகியவை தனி. வழியில் உடம்பு சரியில்லாமல் ஒருவர் திரும்ப நேர்ந்தால் யார் கூட வருவார்கள், மீதிப் பணம் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அனுபவமுள்ள டூர்க்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐஆர்சிடிசியே நடத்தும் சுற்றுலா ரயில் எப்படி?

பாரத் கௌரவ் என்ற பெயரில் 2022 முதல் ஓடுகின்றன. அந்தப் பெயரில் முதல் ரயிலைத் தனியார் நிறுவனம் ஒன்று கோவையிலிருந்து ஷீரடிக்கு நடத்தியது, ஐஆர்சிடிசி நடத்தும் ரயில்கள் வேறு. ரயிலிலேயே சைவச் சாப்பாடு, இறங்கும் ஊரில் பேருந்து, அறை எல்லாம் சேர்த்து ஒரே தொகை. மோசடி பயம் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக இறங்கிப் பேருந்துகளில் ஏற வேண்டும், அதனால் காத்திருப்பு அதிகம். ஏறும் நிலையங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் மாறும். நமக்கு சேலமோ ஜோலார்பேட்டையோ அந்தப் பட்டியலில் இருந்தால் சௌகரியம். விலை குறைந்த வகுப்பில் ஏசி இல்லாத அறை தருவார்கள், அதுவும் பகிர்ந்து தங்குவதாக இருக்கலாம். எந்த வகுப்புக்கு எந்த அறை என்று பட்டியலில் பார்த்து எடுங்கள்.

நாங்களே போவதாக இருந்தால் நம்ம ஊரிலிருந்து எது நல்ல வழி? கிருஷ்ணகிரியில் ரயிலே இல்லையே.

ரயில் என்றால் ஜோலார்பேட்டைக்குப் போய், பெங்களூருவிலிருந்து தானாப்பூர் போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் ஏறுவது வழக்கமான வழி. தினமும் ஓடுகிறது. இரண்டு இரவு பயணம். காசி நகருக்குள் போகாது, கங்கைக்கு அக்கரையில் இருக்கும் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பில், அதாவது பழைய முகல்சராயில், இறங்கிச் சுமார் 17 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் திருப்பத்தூர் வழியாக ஜோலார்பேட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள். தர்மபுரியிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதல்.

விமானம் என்றால் பெங்களூருவிலிருந்து வாரணாசிக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் இரண்டரை மணி நேரம். உண்மையான கஷ்டம் விமானத்தில் இல்லை, விமான நிலையம் போய்ச் சேருவதில்தான். தர்மபுரியிலிருந்து 170 கிலோமீட்டர் வாக்கில். ஓசூர் தாண்டியதும் எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல். காலை எட்டு மணிக்கு விமானம் என்றால் இரவு இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும். பெற்றோருக்கு மதிய விமானம்தான் நல்லது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று குறித்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் இது தேவை, ஏனென்றால் பெங்களூரு முனையத்தில் நடை நீளம்.

என் கருத்து: அப்பாவுக்கு அடிக்கடி சிறுநீர் வரும் என்றால், ஓடும் ரயிலில் இரவில் நாலு முறை எழுந்து ஆடிக்கொண்டே கழிவறைக்குப் போவது விழுவதற்கான பெரிய காரணம். செலவு ஆனாலும் விமானத்தில் போங்கள்.

காசியில் எந்த இடத்தில் தங்கினால் பெரியவர்களுக்கு நல்லது?

கங்கை தெரியும் அறை என்று படம் பார்த்து ஆசைப்பட வேண்டாம். படித்துறையை ஒட்டிய பழைய கட்டடங்களுக்குக் கார் போகாது. சந்துக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, பிறகு செங்குத்தான குறுகிய மாடிப்படி ஏற வேண்டும். கோதௌலியா பகுதியிலும் பகல் நேரத்தில் வண்டிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். வாசல் வரை கார் வரும், லிஃப்ட் உள்ள இடமாகப் பாருங்கள். கோயிலுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, இ-ரிக்‌ஷா இருக்கிறது.

தமிழ்ச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் வேண்டுமென்றால் அனுமன் காட், கேதார் காட் பக்கம். கேதார் காட்டில் குமரகுருபரர் மரபில் வந்த குமாரசாமி மடம் இருக்கிறது, நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கோதௌலியா பக்கம். ஓசூர், தளி, பேரிகைப் பக்கத்துப் பெற்றோருக்கு இன்னொரு வசதி உண்டு. தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களாக இருந்தால் மானசரோவர் காட் அருகே உள்ள ஆந்திர ஆசிரமமும் ஜங்கம்வாடி மடமும் இருக்கும் பகுதிகளில் அவர்கள் சொந்த ஊர் போலப் பேசிக்கொண்டிருப்பார்கள். சத்திரங்களில் முன்கூட்டியே பேசி, கீழ்த்தளத்தில் இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மூட்டு வலியோடு கங்கையில் குளிக்க முடியுமா? விஸ்வநாதர் கோயிலில் வரிசையில் நிற்க முடியுமா?

காசிப் படித்துறைகள் உயரமானவை, தண்ணீருக்கு அருகில் உள்ள படிகள் பாசி பிடித்து வழுக்கும். இறங்குவதைவிட ஈரத்துணியோடு ஏறுவதுதான் கஷ்டம். முழங்கால் தேய்ந்த அம்மாவை இடுப்பளவு தண்ணீருக்கு இறக்க வேண்டாம். கடைசிப் படிக்கு ஒன்றிரண்டு படி மேலே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு குடத்தில் கங்கை நீர் மொண்டு தலையில் ஊற்றினால் போதும். சங்கல்பமும் அப்படியே செய்யலாம். புதிதாகக் கட்டிய நமோ காட்டில் சாய்தளம் இருப்பதால் அங்கே தண்ணீர் வரை போவது எளிது.

விஸ்வநாதர் கோயிலில் 2021 டிசம்பரில் புதிய வளாகம் திறந்த பிறகு இடம் விசாலமாகிவிட்டது, ஆனால் நடை உண்டு. கைப்பை, செல்போன் உள்ளே விடமாட்டார்கள், வெளியே பெட்டகத்தில் வைக்க வேண்டும். பெற்றோர் கையில் போன் இல்லாமல் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதை முதலிலேயே யோசித்து, பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று ஒரு வாசலைச் சொல்லி வையுங்கள். shrikashivishwanath.org தளத்தில் சுகம் தரிசனம் என்ற கட்டணச் சீட்டு கிடைக்கும், நீண்ட வரிசை மிச்சம். மகா சிவராத்திரி, வட இந்தியச் சிராவண மாதத் திங்கட்கிழமைகள் போன்ற கூட்ட நாட்களில் அதை நம்பிப் போகாதீர்கள்.

ஒரு குடும்பத்துக்குத் திட்டம் போட்டுக் காட்ட முடியுமா? செலவு எவ்வளவு வித்தியாசம் வரும்?

பாலக்கோட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சர்க்கரை, இரவில் இன்சுலின், ஒன்றரை மணிக்கு ஒருமுறை சிறுநீர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மகன் ஓசூரில் தொழிற்சாலையில் வேலை, ஏழு நாள் விடுப்பு. கயாவில் பிண்டம் போட வேண்டும் என்பது அப்பாவின் முதல் ஆசை.

முதல் நாளுக்கு முந்தைய மாலையே பெற்றோர் ஓசூரில் மகன் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பாலக்கோட்டிலிருந்து விமான நிலையம் வரையான பயணம் இதனால் இரண்டாகப் பிரிகிறது. முதல் நாள் மதிய விமானம், மாலை அறை. அன்று வேறு எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் காலை விஸ்வநாதர், அன்னபூரணி. பத்து மணிக்குள் அறை, மதியம் தூக்கம், மாலையில் படகில் உட்கார்ந்தபடியே கங்கை ஆரத்தி. மூன்றாம் நாள் படித்துறையில் குளியல், சிரார்த்தம், மாலை விசாலாட்சி. நான்காம் நாள் ஆறு மணிக்குக் காரில் பிரயாக்ராஜ், சங்கமம், வேணி தானம், இரவுக்குள் காசி. ஐந்தாம் நாள் ஒன்பது மணிக்கு மெதுவாகக் கிளம்பிக் கயா, அங்கே இரவுத் தங்கல். ஆறாம் நாள் காலை பல்குனி நதி, விஷ்ணுபாதம், பிண்டம். மதியத்துக்கு மேல் காசிக்குத் திரும்புதல். ஏழாம் நாள் காலை காலபைரவரிடம் விடைபெற்று விமானம்.

அயோத்தியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கயாவும் அயோத்தியும் காசிக்கு எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. இந்த உடல்நிலையில் இரண்டில் ஒன்றுதான் முடியும், எது என்பதைப் பெற்றோர் சொல்லட்டும். ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரை ராமேஸ்வரம் கொண்டுபோகும் முறையை முழுதாகச் செய்ய நினைத்தால், ராமேஸ்வரத்துக்கு ஒரு மாத இடைவெளி விட்டுத் தனியாகப் போய்வாருங்கள்.

செலவுக்கு ஒரு உத்தேசக் கணக்கு. எண்களை நீங்கள் போகும் மாதத்து விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு விமானம் போகவர 42,000. இரண்டு அறை, ஆறு இரவு, இரவுக்கு 2,500 வீதம் 30,000. பிரயாகை, கயாவுக்கு மூன்று நாள் கார் 15,000. இரு பக்கமும் விமான நிலையக் கார் 8,000. சாப்பாடு 10,500. படகு, பூஜை, தட்சிணை 12,000. மொத்தம் 1,17,500. பேக்கேஜில் ஆளுக்கு 25,000, மேற்செலவு 5,000 என்றால் இரண்டு பேருக்கு 60,000. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போலத் தெரியும், ஆனால் இதில் மகனின் பயணமும் அடக்கம். மகனின் டிக்கெட், தனி அறை, சாப்பாடு மட்டுமே 32,500. மூன்று பேரும் விமானத்துக்குப் பதில் ஏசி ரயிலைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் 30,000 வரை குறையலாம். ஆனால் விடுப்பு மூன்று நாலு நாள் கூடும்.

மாத்திரை, இன்சுலின் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரியவர்கள் பயணத்தில் செய்யும் ஆபத்தான காரியம், கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அம்மாக்கள் இதை யாருக்கும் தெரியாமல் செய்வார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் தலைசுற்றல், சிறுநீர் எரிச்சல், சில சமயம் குழப்பமான பேச்சு என்று வெளியே வரும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். பயண நாளில் அந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தாங்களாக நிறுத்த விடாதீர்கள். சிறுநீரின் நிறம் அடர் மஞ்சளாக இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

சர்க்கரைக்காரருக்கு டூரில் வரும் தொல்லை சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது. மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுவிட்டு, "பத்து நிமிஷத்துல இலை போட்டுடுவாங்க" என்று ஒரு மணி நேரம் காத்திருந்தால் வியர்வை, நடுக்கம் வரும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமும், கைப்பையில் பிஸ்கட்டும் இருக்கட்டும். இலை முன்னால் வந்த பிறகே சாப்பாட்டு நேர இன்சுலினைப் போடச் சொல்லுங்கள். இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து வீணாகலாம். டாக்டர் சீட்டு கூட இருக்கட்டும்.

காசியில் அவசரம் என்றால் 108 ஆம்புலன்ஸ் அங்கேயும் உண்டு. பெரிய மருத்துவமனை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சர் சுந்தர்லால் மருத்துவமனை. ஓடும் ரயிலில் உடம்பு முடியாமல் போனால் 139.

அரசாங்கமே இலவசமாக அழைத்துப் போகிறதாமே?

உண்மைதான். இந்து சமய அறநிலையத் துறை 2022-23 முதல் ராமேஸ்வரம் - காசி ஆன்மிகப் பயணம் நடத்துகிறது. 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும், வருமான வரம்பு உண்டு, உடல் தகுதிச் சான்று வேண்டும். மண்டல இணை ஆணையர் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், இடங்கள் சில நூறுதான். மேலே சொன்ன அப்பாவுக்கு 74 வயது என்பதால் இது பொருந்தாது. அறுபத்தைந்து வயதில் நல்ல உடம்போடு இருப்பவர்கள் அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஐப்பசிப் பிற்பகுதி, கார்த்திகை, அப்புறம் பிப்ரவரி முதல் மார்ச் பாதி வரை. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும், நம் ஊர்க்காரர்களுக்குக் குளிரும் தாங்காது. மே, ஜூனில் 40 டிகிரியைத் தாண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கும், படகை நிறுத்திவிடுவார்கள். கார்த்திகைப் பௌர்ணமி தேவ் தீபாவளி அழகுதான், ஆனால் பெற்றோரோடு போக அது நாள் இல்லை. அந்த வாரத்தைத் தவிர்த்து டிக்கெட் எடுங்கள்.

பிள்ளைகள் யாரும் கூடப் போக முடியாது. இரண்டு பேரும் தனியாக டூரில் போகிறார்கள். வேறென்ன செய்வது?

அந்தக் குழுவில் ஐம்பது வயதுக்குள் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்படி பாருங்கள். சித்தி மகனோ, பக்கத்து வீட்டு அண்ணனோ, யாராவது ஒருவர். அவருடைய டூர்க் கட்டணத்தில் பாதியை நீங்கள் கொடுத்தாலும் தகும். டூர்க்காரருக்கு 45 பேர், அவருக்கு இரண்டு பேர் மட்டும்.

பெற்றோர் இருவர் சட்டைப் பையிலும் இடுப்புச் சுருக்குப் பையிலும் ஒரு அட்டை இருக்கட்டும். பெயர், என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, தங்கும் இடம், டூர்க்காரர் எண், உங்கள் எண் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நனையாமல் லேமினேட் செய்யுங்கள். தங்கும் இடம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அட்டை. மாத்திரையை இரண்டாகப் பிரித்து அப்பா பையில் பாதி, அம்மா பையில் பாதி. தினமும் மதியம் ஒரு வேளை நீங்கள் போன் செய்யுங்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். காலையில் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை முறை தண்ணீர் குடித்தார்கள், கால் வீக்கம் செருப்பு போடும் அளவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்று தெரிந்தால், அன்று மாலை வண்டியில் ஏறாமல் அறையிலேயே இருக்கச் சொல்லி டூர்க்காரரிடமும் நீங்களே பேசிவிடுங்கள்.